பங்கா, சம்பளமா? டியூஷன் ஆசிரியரின் பன்னிரண்டு மாதக் கணக்கு

மே மாதம். பிளஸ் டூ கணிதத்துக்கு ஆள் தேடும் டியூஷன் சென்டர்காரர், தன்னிடம் வந்த ஆசிரியரிடம் இரண்டு வழிகளைச் சொல்கிறார். “மாசம் பதினஞ்சாயிரம் சம்பளமா வாங்கிக்குங்க சார். இல்லேன்னா வர்ற ஃபீஸ்ல அறுபது பர்சன்ட் உங்களுக்கு, நாப்பது எனக்கு. எது தோதுப்படுதோ சொல்லுங்க.” ஆசிரியர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: “போன வருஷம் எத்தனை பசங்க சார்?” “முப்பது பேர்.” ஒரு மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் கட்டணம். முப்பது பேருக்கு 30,000 ரூபாய். அதில் அறுபது சதவீதம் 18,000. சம்பளத்தைவிட மூவாயிரம் கூடுதல் என்று மனக்கணக்கு சொல்கிறது. அவர் பங்குக்கே ஒப்புக்கொள்கிறார்.

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் மாலை ஆறு மணிக்கு விளக்கெரியும் டியூஷன் சென்டர்களில், இந்தப் பேச்சு இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. ஒப்புக்கொள்கிறவர்கள் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள், குழந்தை பிறந்தபின் பள்ளி வேலையை விட்ட பெண்கள், முதுகலை முடித்து அடுத்து என்ன என்று யோசிக்கிறவர்கள். எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அநேகமாக இருக்காது. வாய்ப்பேச்சில் முடிந்துவிடும். அதனால்தான் அந்த 18,000 ரூபாய்க் கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தொகைகளை நான் எடுத்துக்காட்டுக்காகவே வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரில் கட்டணம் கூடவோ குறையவோ இருக்கலாம். கணக்கு போகும் வழி மாறாது.

முப்பது பேர் என்பது பொய்யல்ல. ஆனால் அது செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் எண்ணிக்கை. ஜூனில் பள்ளி திறந்ததும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. பள்ளியில் யார் பாடம் எடுக்கிறார் என்று பார்த்துவிட்டுச் சேர்கிறவர்கள் உண்டு. முதல் இடைத்தேர்வில் மதிப்பெண் குறைந்தபின் பெற்றோர் இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கும் பிள்ளைகளும் உண்டு. நம் சென்டரில் ஜூனில் 12 பேர், ஜூலையில் 22, ஆகஸ்டில் 28, செப்டம்பரிலும் அக்டோபரிலும் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒருவர் இருவர் கழன்றுகொள்வார்கள். நவம்பர், டிசம்பரில் 28. அரையாண்டுக்குப் பின் ஜனவரியில் 26, பிப்ரவரியில் 24. மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளியிலேயே திருப்புதல் நடந்து முடிந்திருக்கும், கட்டணம் கட்டி வருகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஏப்ரலில் யாரும் இல்லை. மே மாதத்தில் அடுத்த ஆண்டுக்கான முன்கூட்டிய பேட்ச் தொடங்கினால் ஆறு பேர்.

ஒரு மாணவர் ஒரு மாதம் படித்தால் அதை ஒரு ‘மாணவர் மாதம்’ என்று எண்ணுங்கள். மேலே சொன்ன பன்னிரண்டு மாதங்களையும் கூட்டினால் 244 மாணவர் மாதங்கள் வரும். தலைக்கு ஆயிரம் என்றால் ஆண்டுக் கட்டணம் 2,44,000 ரூபாய். ஆசிரியரின் அறுபது சதவீதம் 1,46,400. சம்பளமாக வாங்கியிருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு 1,80,000. மனக்கணக்கில் மாதம் மூவாயிரம் கூடுதலாகத் தெரிந்த பங்கு, ஆண்டுக் கணக்கில் 33,600 ரூபாய் குறைவாகிவிட்டது.

இத்தனைக்கும் எல்லோரும் கட்டணத்தைக் கட்டிவிட்டார்கள் என்று வைத்துத்தான் இதைப் போட்டோம். டியூஷன் நடத்தியவர்களுக்குத் தெரியும், பாக்கி இல்லாத மாதம் கிடையாது. “அப்பா அடுத்த வாரம் தரேன்னாங்க சார்” என்ற பதில் பிப்ரவரி வரை நீளும். தேர்வு முடிந்ததும் பிள்ளை வருவது நின்றுவிடும், பாக்கியும் அதோடு போய்விடும். நூற்றுக்குப் பத்து ரூபாய் வராமல் போனதாக வைத்தால் வசூல் 2,19,600. ஆசிரியர் பங்கு 1,31,760. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்குப் பதினோராயிரத்துக்குச் சற்றே குறைவு.

பங்குக்குப் பேசும் எவரும் முதலில் கண்டுபிடிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. ஆண்டுச் சம்பளத்தை, ஒரு மாணவரிடமிருந்து தனக்கு வரும் மாதப் பங்கால் வகுக்க வேண்டும். இங்கே 1,80,000 ரூபாயை 600 ஆல் வகுத்தால் 300. பணம் கட்டிய 300 மாணவர் மாதங்கள் கிடைத்தால்தான் பங்கு சம்பளத்துக்குச் சமமாகும். அதாவது ஏப்ரல், மே உட்பட ஆண்டு முழுவதும் சராசரியாக 25 பேர் பணம் கட்ட வேண்டும். செப்டம்பரில் முப்பது பேர் இருந்த சென்டரில் அந்தச் சராசரி வராது என்பதை மேலே பார்த்தோம். இதில் இன்னொரு நுணுக்கம்: சில சென்டர்களில் ‘மாதச் சம்பளம்’ என்பது பத்து மாதத்துக்குத்தான். ஏப்ரலிலும் மே மாதத்திலும் கிடையாது. அப்படியானால் ஒப்பிட வேண்டிய தொகை 1,50,000 ஆகிவிடும், 250 மாணவர் மாதங்களே போதும். ஆகவே சம்பளம் எத்தனை மாதத்துக்கு என்று கேட்காமல் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

சென்டர்காரர் எதை விரும்புகிறார்?

இதே கணக்கை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வசூல் 2,19,600 ரூபாய். ஆசிரியருக்கு 1,80,000 சம்பளம் கொடுத்துவிட்டால் சென்டருக்கு மிஞ்சுவது 39,600. கட்டட வாடகையில் இந்த வகுப்புக்கு உரிய பகுதி, மின்சாரம், வினாத்தாள் நகல், துண்டறிக்கை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பங்காகப் பேசிக்கொண்டால் அவருக்கு 87,840 கிடைக்கும். மாணவர் வராவிட்டால் கையிலிருந்து சம்பளம் கொடுக்க வேண்டிய பயமும் இல்லை.

இப்போது அந்த ஆசிரியர் பெயர் வாங்கிவிட்டார், மாணவர் எண்ணிக்கை ஒவ்வொரு மாதமும் இரட்டிப்பாகிவிட்டது என்று வையுங்கள். வசூல் 4,39,200. பங்கு ஒப்பந்தத்தில் ஆசிரியருக்கு 2,63,520 போகும். சம்பளமென்றால் அதே 1,80,000தான். மீதி 2,59,200 சென்டருக்கு. ஆகவே மாணவர் குறைவாக இருக்கும்போது சென்டர்காரருக்குப் பங்கு இனிக்கும், நிறைந்து வழியும்போது சம்பளம் இனிக்கும். ஆசிரியருக்கு நேர் எதிர். ஒருவருக்கு லாபமாக இருப்பது மற்றவருக்கு அதே அளவு நட்டம்.

இங்கே யாருக்கு என்ன தெரியும் என்பதுதான் முக்கியம். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்த மாதத்தில் கழன்றார்கள், எவ்வளவு பாக்கி நின்றது என்பதெல்லாம் சென்டர்காரருக்குத் தெரியும். புதிதாக வரும் ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அவர் எதை வலியுறுத்துகிறார் என்பதே ஒரு தகவல். புதிதாகத் திறந்த சென்டரில் “பங்குதான் சார், உங்க திறமைக்குத் தக்க எடுத்துக்கலாம்” என்றால், மாணவர் வருவார்களா என்பது அவருக்கே உறுதியில்லை. அந்த ஐயத்தின் விலையை உங்கள் தலையில் வைக்கிறார். ஆண்டுதோறும் மே மாதத்திலேயே இடம் நிரம்பிவிடும் சென்டரில் சம்பளம் மட்டுமே உண்டு என்றால், நிச்சயமான வருமானத்தை அவர் பகிர விரும்பவில்லை என்று பொருள். இரண்டிலும் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆனால் ஆசிரியர் அதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

சம்பளம் நிச்சயமானது என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. நம் எடுத்துக்காட்டில் ஜூன் மாதம் 12 பேர்தான். எல்லோரும் கட்டினாலும் வசூல் 12,000. ஆசிரியர் சம்பளம் 15,000. மற்ற வகுப்புகளிலிருந்தோ சேமிப்பிலிருந்தோ எடுத்துத்தான் அவர் கொடுத்தாக வேண்டும். அதற்கு வழியில்லாத சென்டரில் ஜூன் சம்பளம் ஜூலை இறுதிக்குத் தள்ளிப்போகும், ஜூலை சம்பளம் பாதி வரும். ஆகவே சம்பளத்துக்குச் சேருகிறவர், அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவரிடம் “போன ஜூன்ல சம்பளம் எந்தத் தேதியில் வந்தது?” என்று கேட்டுவிடுவது நல்லது.

சம்பளத்தில் இன்னொரு குழி, நேரம். மாலை இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்று பேசினால் 52 மணி நேரம். 15,000 ரூபாய்க்கு மணிக்கு 288 ரூபாய் விழும். பிறகு “டென்த் பசங்களையும் கொஞ்சம் பாத்துக்குங்க மேம்” என்பார்கள். ஞாயிறு டெஸ்ட், விடைத்தாள் திருத்தம், பெற்றோருக்குத் தொலைபேசி எல்லாம் சேரும். நூற்று நான்கு மணி நேரமாகிவிட்டால் கூலி 144 ஆகிவிடுகிறது. சம்பளத் தொகை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் பாதியாகிவிட்டது. பங்கில் இந்தத் தொல்லை குறைவு. தன் பேட்ச் முடிந்ததும் ஆசிரியர் கிளம்பிவிடலாம். பெண் ஆசிரியர்கள் பலர் வருமானம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று பங்கைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணம்.

எதில் பங்கு?

அறுபதுக்கு நாற்பதா, எழுபதுக்கு முப்பதா என்றுதான் பேரம் நடக்கிறது. நான் அறிந்தவரை சண்டை அங்கே வருவதில்லை. அறுபது சதவீதம் எந்தத் தொகையில் என்பதில்தான் வருகிறது.

பழைய வாரச் சாகுபடியில் நிலத்துக்காரரும் உழுதவரும் களத்துமேட்டில் நின்றபடி நெல்லை அளந்தார்கள். மரக்கால் இருவர் கண்முன்னே விழும். டியூஷன் சென்டரில் அளக்கும் இடம் ரசீதுப் புத்தகமும் சென்டர்காரரின் கைப்பேசியும். ஆசிரியர் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வெளியே பணம் கைமாறிவிடுகிறது, அல்லது ஜிபே வழியாக நேரே சென்டர்காரரின் கணக்குக்குப் போய்விடுகிறது. மாதக் கடைசியில் அவர் சொல்வதே எண்.

அந்த எண் குறைவதற்கு நேர்மையான வழிகளும் உண்டு, மற்ற வழிகளும் உண்டு. அக்காவும் தம்பியும் சேர்ந்து படிக்கிறார்கள், ஆகவே தள்ளுபடி. சென்டர்காரரின் உறவினர் பிள்ளை, ஆகவே 700 ரூபாய். தந்தை இல்லாத பிள்ளை, ஆகவே இலவசம். கடைசியாகச் சொன்னதை எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார். ஆனால் 1,000 ரூபாய் 700 ஆகும்போது ஆசிரியரின் 600 ரூபாய் 420 ஆகிறது. தள்ளுபடி கொடுத்த பெருமை ஒருவருக்கு, அதில் அறுபது சதவீதத்தைச் சுமப்பது இன்னொருவர். யாரிடமும் கேட்காமல் சென்டர் கொடுக்கும் தள்ளுபடி சென்டரின் பங்கிலிருந்தே போக வேண்டும், இருவரும் கலந்து பேசிக் கொடுப்பது இருவர் பங்கிலும் போகலாம் என்று முதலிலேயே பேசிக்கொள்வதுதான் நியாயம்.

அடுத்தது, கட்டணத்தைக் கூறுபோடுவது. மாதம் 1,000 வாங்கிக்கொண்டிருந்த சென்டர், அடுத்த ஆண்டு 800 ரூபாய் டியூஷன் ஃபீஸ், 100 ரூபாய் டெஸ்ட் கட்டணம், 100 ரூபாய் நோட்ஸ் கட்டணம் என்று பிரித்துவிடும். சேரும்போது அட்மிஷன் கட்டணமாக 500 தனி. பெற்றோர் கட்டுவது அதேதான் அல்லது கூடுதல். ஆசிரியரின் அறுபது சதவீதமோ இப்போது 800 ரூபாயில். அந்த டெஸ்டுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும், நோட்ஸ் எழுதித் தந்ததும் அநேகமாக அதே ஆசிரியர்தான். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம், ஏனென்றால் கணக்கில் எந்தத் தவறும் இல்லாமலே கூலி குறைந்துவிடுகிறது.

பெரிய சென்டர்களில் ஜிஎஸ்டியும் இதில் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் டியூஷன் கட்டணத்துக்கு 18 சதவீதம் வரி. பெற்றோரிடம் 1,180 வாங்கினால் அதில் 180 அரசின் பணம். பங்கு 1,000 ரூபாயில்தான். இதில் ஆசிரியர் குறைபட்டுக்கொள்ள எதுவுமில்லை. ஆனால் வரி கட்டாத சென்டர் வரியின் பெயரைச் சொல்லிக் கழித்தால் அது வேறு விஷயம். ரசீதில் ஜிஎஸ்டி எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எண்ணிக்கையைச் சரிபார்ப்பது கடினமான வேலையல்ல. வருகைப் பதிவேடு ஆசிரியரின் கையில் இருக்கிறது. மாதம் பத்தாம் தேதி வாக்கில் சென்டர்காரரோடு கால் மணி நேரம் உட்கார்ந்து, ஒரு தாளில் பெயர், வந்த நாட்கள், கட்டிய தொகை மூன்றையும் வரிசையாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். இருபது நாள் வந்த பிள்ளை ‘பாக்கி’ என்று மூன்று மாதமாக எழுதப்பட்டிருந்தால், அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டியதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தாயிடம் பேசும்போது தானாகத் தெரிந்துவிடும். பதிவேட்டில் 28 பெயர், பணப் பட்டியலில் 21 பெயர் என்ற நிலை இரண்டு மாதம் நீடித்தால் ஒன்று வசூல் சரியில்லை, அல்லது கணக்கு சரியில்லை. இரண்டுமே பங்குக்கு நிற்கும் ஆசிரியருக்கு ஆகாது.

பங்கே பொருந்தாத இடமும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். கணிதத்துக்காகத்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள், சமூக அறிவியல் கூடவே நடக்கிறது. அந்த 700 ரூபாயில் எந்த ஆசிரியருக்கு எவ்வளவு என்று பிரிக்க நியாயமான வழி எதுவும் இல்லை. அங்கே மணிக்கணக்குக் கூலியோ மாதச் சம்பளமோதான் முறை. பாடத்துக்குத் தனிக் கட்டணம் உள்ள பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் மட்டும்தான் பங்கு கணக்காக நிற்கும்.

பிள்ளைக்கு என்ன ஆகிறது?

ஆசிரியருக்கு எப்படிப் பணம் கொடுக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் வகுப்பறையில் நடப்பதை அது மாற்றுகிறது.

இந்தக் கேள்வியை மிகப் பழைய காலத்திலேயே எழுப்பியவர் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித். அவருக்கு இரண்டு முறைகளையும் நேரில் தெரியும். இளைஞராக 1740 முதல் 1746 வரை ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். அங்கே பேராசிரியர்களுக்கு அறக்கட்டளை வருமானத்திலிருந்து நிலையான சம்பளம். மாணவர் வந்தாலும் வராவிட்டாலும் பணம் வரும். பலர் பாடம் நடத்துவதையே விட்டுவிட்டார்கள் என்று 1776-இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் அவர் எழுதினார். பிறகு கிளாஸ்கோவில் அவரே பேராசிரியரானார். அங்கே சிறிய சம்பளத்தோடு, மாணவர்கள் நேரடியாகக் கட்டும் கட்டணமும் உண்டு. அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி அந்தக் கட்டணம்தான். மாணவர் கட்டணத்தை நம்பி வாழும் ஆசிரியர் வகுப்பை ஒழுங்காக நடத்துவார் என்பது அவர் கருத்து.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பங்குக்கு நடத்தும் ஆசிரியர் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசி செய்வார். பாடம் புரியவில்லை என்று பேச்சு வந்தால் அன்றே திருத்திக்கொள்வார். பாதி ஆண்டில் வேறு பள்ளிக்கு நல்ல சம்பளத்தில் அழைத்தால் பேட்சை நட்டாற்றில் விட்டுப் போக யோசிப்பார். சம்பள ஆசிரியருக்கு அந்தக் கட்டு இல்லை. நவம்பரில் ஆசிரியர் மாறிப் பிள்ளைகள் தடுமாறுவது சம்பள சென்டர்களில்தான் அடிக்கடி நடக்கிறது.

ஆனால் ஸ்மித்தின் வாதம், மாணவர் தங்குவதும் மாணவர் கற்பதும் ஒன்றே என்று வைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல. 1991-இல் பெங்ட் ஹோம்ஸ்ட்ராம், பால் மில்கிரம் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதைத் தெளிவாக்கினார்கள். ஒருவர் பல வேலைகளைச் செய்யும்போது, அவற்றில் எண்ணக்கூடிய ஒன்றுக்கு மட்டும் பணம் கொடுத்தால், எண்ண முடியாத மற்ற வேலைகளிலிருந்து உழைப்பு அங்கே நகர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். ஆசிரியர் வேலையையே அவர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். பின்னாளில் இருவருமே நோபல் பரிசு பெற்றார்கள்.

டியூஷன் பங்கில் எண்ணப்படுவது தலை. இருபத்தைந்து பேர் உட்காரும் அறையில் நாற்பது பேரை உட்கார வைத்தால் ஆசிரியருக்கும் லாபம், சென்டருக்கும் லாபம். இருவரில் ஒருவரும் “போதும்” என்று சொல்ல மாட்டார்கள். நாற்பது பேர் ஆனபின் நோட்டைப் பார்த்துத் தவறைச் சுட்டிக்காட்ட நேரமிருக்காது. ஒருங்கிணைந்த பள்ளிப் பாடத்தை விட்டுவிட்டு ‘வரக்கூடிய கேள்விகள்’ பட்டியல் வந்துவிடும். கண்டிப்பும் குறையும். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைக் கடிந்துகொண்டால் அவன் மட்டும் போக மாட்டான், கூடவே இரண்டு நண்பர்களும் போவார்கள். மூன்று தலை என்றால் மாதம் 1,800 ரூபாய். அந்தப் பிள்ளைக்கு அடிப்படையே சரியில்லை, எட்டாம் வகுப்பு இயற்கணிதத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பெற்றோரிடம் உண்மையைச் சொல்லவும் தயக்கம் வரும்.

சம்பளத்தில் இதற்கு எதிரான குறை உண்டு. மெதுவாகப் படிக்கும் பிள்ளை விலகிப் போனால் ஆசிரியருக்கு வேலை குறைகிறது, வருமானம் குறைவதில்லை. நல்ல ஆசிரியர்கள் இரண்டு முறையிலும் நல்ல ஆசிரியர்களாகவே இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்லவர்களை மட்டும் நம்பி ஒரு முறையை அமைக்கக் கூடாது. பெற்றோர் பார்க்க வேண்டிய அறிகுறி எளிமையானது: பிள்ளையின் நோட்டில் கடந்த ஒரு மாதத்தில் ஆசிரியரின் கையெழுத்தில் ஏதாவது திருத்தம் இருக்கிறதா? இல்லையென்றால் வகுப்பில் தலை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்மித்தைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1764-இல் அவர் கிளாஸ்கோ வேலையைப் பருவத்தின் நடுவிலேயே விட்டார். பக்லூ பிரபுவுக்குத் தனி ஆசிரியராக, ஆண்டுக்கு 300 பவுண்டு நிலையான ஊதியத்துக்குப் போனார். கட்டண முறையைப் புகழ்ந்தவரும் நல்ல சம்பளம் வந்தபோது அதைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் போவதற்குமுன், பாடத்தை முடிக்க மாற்று ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, ஒவ்வொரு மாணவரின் கட்டணத்தையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மாணவர்கள் வாங்க மறுத்தும் வற்புறுத்திக் கொடுத்தார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

நம் சென்டர்களில் இந்தத் திருப்பிக் கொடுக்கும் கேள்வி எழுவது முழு ஆண்டுக் கட்டணத்தை ஜூனிலேயே வாங்கும் இடங்களில். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டுதல், முழுக் கட்டணம் கட்டிய மாணவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தில் அறுபது சதவீதம் ஏற்கெனவே ஆசிரியருக்குப் போயிருந்தால்? அவர் வீட்டு வாடகைக்குச் செலவழித்திருப்பார். எனவே ஆண்டுக் கட்டணத்தை மாதங்களால் வகுத்து, பாடம் நடந்த மாதத்துக்கான பங்கை மட்டும் அந்தந்த மாதம் வாங்கிக்கொள்வதே இருவருக்கும் பாதுகாப்பு.

நடுவழி

சில சென்டர்கள் இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன. ஒரு குறைந்தபட்சச் சம்பளம், அதன்மேல் சிறு பங்கு. நம் எடுத்துக்காட்டில் மாதம் 8,000 ரூபாய் பன்னிரண்டு மாதமும் உறுதி, அதோடு வசூலில் 30 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். உறுதித் தொகை ஆண்டுக்கு 96,000. வசூல் 2,19,600 ரூபாயில் 30 சதவீதம் 65,880. மொத்தம் 1,61,880. வெறும் பங்கில் கிடைக்கும் 1,31,760-ஐவிட முப்பதாயிரம் கூட, வெறும் சம்பளத்தைவிடப் பதினெட்டாயிரம் குறைவு. மாணவர் இரட்டிப்பானால் 2,27,760 ஆகும். ஏப்ரலில் அடுப்பு அணையாது, நல்லபடி நடத்தினால் பலனும் உண்டு. ஒரு தலை போனால் 600 ரூபாய்க்குப் பதில் 300 ரூபாய்தான் போகிறது என்பதால் பிள்ளையைக் கண்டிக்கவும் கொஞ்சம் துணிவு இருக்கும். முப்பது பேருக்குமேல் சேரும் மாணவருக்குப் பங்கு கிடையாது, இன்னொரு பேட்ச் பிரித்தால்தான் உண்டு என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டால் அறை நிரம்பி வழிவதும் நிற்கும்.

சென்டர்காரர்கள் அஞ்சும் இன்னொரு விஷயம், பங்கு ஆசிரியர் பெயர் வாங்கியதும் பேட்சோடு கிளம்பி எதிர்த்தெருவில் தனியாகத் தொடங்கிவிடுவார் என்பது. அதைத் தடுக்க, ‘விலகியபின் இந்த ஊரில் இரண்டு ஆண்டு பாடம் நடத்தக் கூடாது’ என்று எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, ஒருவர் தன் தொழிலைச் செய்யாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அப்படியொரு தாளில் கையெழுத்திட்டுவிட்டோமே என்று பயந்துகொண்டிருக்கும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் ஒரு மாதப் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு எதிராக, கையெழுத்திட்ட மாதக் கணக்குத் தாள்களைத் தவிர வேறு ஆதாரம் உங்களிடம் இருக்காது. அந்தத் தாள்கள் இருந்தால்தான் வங்கிக் கடனுக்கு வருமானச் சான்று காட்டவும் முடியும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்துகிறவர், தன் பெயருக்காக ஒரு மாணவரும் வராத நிலையில், பங்குக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். நேரத்தை எழுதிக்கொண்டு சம்பளத்துக்குச் சேரட்டும், கிடைத்தால் கலப்பு முறைக்குச் சேரட்டும். பெற்றோர் தன் பெயரைக் கேட்டு வரத் தொடங்கியபின், ரசீதுப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையோடு பங்குக்கு மாறலாம். வரும் ஜூனில் எங்கேனும் சேரப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கடந்த ஆண்டு எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். கடந்த ஆண்டின் பன்னிரண்டு மாத ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற சென்டரில் சதவீதம் எழுபது என்றாலும் பங்குக்குச் சேராதீர்கள்.